சாரல் நல்லா இருக்காம்!

ஆனி மாதக் கடைசி. தென்காசிப் பையன் ஒருவனும் இலஞ்சிப் பெண் ஒருத்தியும். பெண் பார்க்கும் படலம் முடிந்து பத்து நாள் ஆகிறது. கேசரி, பஜ்ஜி எல்லாம் முறைப்படி நடந்து, “ரெண்டு பேரும் பேசிப் பாத்துக்கிடட்டும்” என்று பெரியவர்கள் செல்போன் எண்களை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் ராத்திரி எட்டரை மணிக்கு வாட்ஸ்அப்பில் பேச்சு இப்படிப் போகிறது.

அவள்: குற்றாலத்துல சாரல் நல்லா இருக்காம். எங்க வீட்ல எல்லாரும் போயிட்டு வந்தாச்சு. நான்தான் இன்னும் போகல.

அவன்: பேரருவில நேத்து ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுந்துச்சு. போலீஸ் குளிக்க விடல. ஐந்தருவில விடுறாங்க, ஆனா சனி ஞாயிறு கூட்டம் ஜாஸ்தி. வேலைநாள்ல காலைல ஆறு மணிக்குப் போனா கூட்டம் கம்மியா இருக்கும்.

அவள்: ஓ. சரி.

அவன்: செண்பகாதேவிக்கு ஏறிப் போக வனத்துறை விடமாட்டாங்க. பழைய குற்றாலம்னா கொஞ்சம் தள்ளிப் போகணும்.

நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒற்றை எழுத்து வந்தது: “ம்”.

இந்த உரையாடலை நானே அமைத்தேன். இதில் வரும் இருவரும் கற்பனை. ஆனால் இதில் நடந்திருப்பது என்னவென்று சீசனுக்கு ஒரு தடவையாவது குற்றாலம் போய்வந்த யாருக்கும் விளங்கும். அவள் கூப்பிட்டாள். அவனுக்கு அது கூப்பிட்டதாகவே படவில்லை. சாரலைப் பற்றிப் பேச்சு வந்தது, தனக்குத் தெரிந்ததிலேயே உபயோகமான தகவலைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அவனைப் பொறுத்தவரை அதுதான் அக்கறை. அவளைப் பொறுத்தவரை, “வாங்களேன், போலாம்” என்று ஒரு வார்த்தை வரவேண்டிய இடத்தில் வந்தது அருவி நிலவர அறிக்கை.

அவனுக்கு ஆட்டிசம். இரண்டு வருடம் முன்பு ஒரு மனநல மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். ‘மதியிறுக்கம்’ என்று அகராதியில் ஒரு சொல் இருக்கிறது. மதியில் எதுவும் இறுகிப் போகவில்லை என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. தமிழில் ஆட்டிசம் பற்றி வந்திருக்கும் எழுத்தில் பெரும்பகுதி குழந்தைகளைப் பற்றியது. நியாயம்தான், பெற்றோருக்கு அது உடனடித் தேவை. தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், வளர்ச்சித் தாமதம் உள்ள சிறு குழந்தைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து பயிற்சி தருகிறது. அப்படிப்பட்ட குழந்தைகள் வளர்ந்து இருபத்தெட்டு வயதில் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ வாட்ஸ்அப் அனுப்பும் நாளைப் பற்றித்தான் நம்மிடம் பேச்சே இல்லை.

யாருக்குப் புரியவில்லை?

வெகுநாள்வரை இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான்: ஆட்டிசம் உள்ளவருக்குத்தான் அடுத்தவர் மனம் புரியாது. 2012-ல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இதைத் திருப்பிப் போட்டார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். ஒருவர் உலகை உணரும் விதமும் இன்னொருவர் உணரும் விதமும் வெகுதூரம் விலகியிருந்தால், இருவருக்குமே மற்றவரைப் படிப்பது சிரமம். நம் உரையாடலைப் பாருங்கள். அவள் ஜாடை அவனுக்குப் புரியவில்லை, சரி. அவன் அனுப்பிய அருவித் தகவலில் இருந்த அக்கறை அவளுக்குப் புரிந்ததா? ஆனால் ஊர் அவனை மட்டும்தான் “ஒண்ணும் தெரியாதவன்” என்று சொல்லும்.

2017-ல் நோவா சாசன் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசிய சிறு பதிவுகளை முன்பின் அறியாதவர்களிடம் காட்டி, “இவரோடு பழகுவீர்களா?” என்று கேட்டார்கள். படமாகப் பார்த்தாலும் குரலை மட்டும் கேட்டாலும், சில நொடிகளிலேயே ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் விழுந்தது. அவர்கள் பேசியதை எழுத்தாக்கி, வெறும் வார்த்தைகளாகப் படிக்கக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. ஆக, ஆளைத் தள்ளி நிறுத்தியது சொன்ன விஷயம் அல்ல. குரலின் ஏற்ற இறக்கம், முகம், கண் போகும் திசை இவைதான்.

அப்படியானால் எழுத்தில் பேசும் சாட், இவர்களுக்குக் கொஞ்சம் சமமான தரை. கண்ணைப் பார்க்க வேண்டாம், யோசித்து அனுப்பலாம், மறுபடி மேலே போய்ப் படித்துப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தரையிலும் குழிகள் உண்டு. முகமும் குரலும் போன இடத்தில் சாட் தனக்கென்று ஜாடைகளை உண்டாக்கிக்கொண்டது. நீலக் குறி, தாமதம், “ஓகே”வுக்குப் பின்னால் வைக்கும் புள்ளி, வராமல் போன சிரிப்பு பொம்மை. அந்தக் குழிகளில் விழாமல் நடக்க முதலிலேயே ஒரு காரியம் செய்யலாம்.

நாலு வரி போதும்

தான் எப்படிப் பேசுகிறவன் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது. கேட்க எளிதாக இருக்கிறது. சொல்லும் விதத்தில்தான் சறுக்குகிறது.

பெரும்பாலும் எழுதப்படுவது, “நான் ரொம்ப ஓப்பன் டைப்ங்க, மனசுல பட்டதைச் சொல்லிடுவேன்.” திருமணத் தகவல் தளங்களில் பலரும் இதையேதான் எழுதிவைக்கிறார்கள். இதிலிருந்து எதிரில் இருப்பவருக்கு ஒரு தகவலும் கிடைப்பதில்லை. இன்னொரு வகை, நாற்பது வரி. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பட்டது முதல் போன வருடம் வேலையிடத்தில் பட்டதுவரை எல்லாம் இருக்கும், நாலு வரிக்கு ஒரு தரம் “ஸாரி” இருக்கும். படிப்பவர் அதற்கு ஆறுதல் சொல்வதா, பயப்படுவதா என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். எழுதியவரோ அந்த மௌனத்தை நிராகரிப்பாக எடுத்துக்கொள்வார்.

நம் பையன் “ம்” வந்த அன்று மத்தியானம் இப்படி அனுப்பியிருந்தால்:

“நேத்து நீங்க சாரல் பத்திச் சொன்னது, போலாமான்னு கேட்டீங்களோன்னு இப்பதான் தோணுது. எனக்கு ஜாடையா சொன்னா பிடிபடாது, நேரா கேட்டா உடனே பிடிபடும். ‘போலாமா’ன்னே கேளுங்க, தப்பா நினைக்க மாட்டேன். நான் நீளமா தகவல் அனுப்பினா உங்க பேச்சுல ஆர்வமா இருக்கேன்னு அர்த்தம். பதில் லேட்டானா கோவம் இல்ல, யோசிச்சிட்டு இருப்பேன். உங்களுக்கு எப்படிப் பேசினா பிடிக்கும்?”

இதில் ஆட்டிசம் என்ற பெயர் இல்லை, மன்னிப்பு இல்லை, சான்றிதழ் இல்லை. இருப்பவை நாலு விஷயம். எனக்கு என்ன பிடிபடாது, அதற்கு நீங்கள் என்ன செய்தால் போதும், நான் செய்வதற்கு என்ன பொருள், உங்கள் பக்கம் எப்படி. கடைசிக் கேள்விதான் பலர் விட்டுவிடுவது. அது இல்லாவிட்டால் மேலே உள்ளதெல்லாம் நிபந்தனைப் பட்டியல் மாதிரி ஆகிவிடும். அந்தக் கேள்வி வந்ததும் அவளும், “எனக்கு ராத்திரி ஒன்பதுக்கு மேல போன் எடுத்தா அம்மா பாப்பாங்க, அதான் பதில் போடல” என்று சொல்ல ஒரு வாசல் திறக்கிறது. அந்த இரவின் மௌனத்துக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம் அல்லவா!

எப்போது சொல்வது? முதல் நாள் “வணக்கம்” சொன்ன கையோடு சொன்னால் அது அறிவிப்புப் பலகை போல ஆகும். நான் சொல்வது, முதல் வாரத்துக்குள், ஒரு சின்னத் தவறு நடந்த உடனே. உதாரணம் கையில் இருக்கும்போது விளக்கம் இரண்டு வரியில் முடியும். நடந்தது எதையும் தொடாமல் பொதுவாகச் சொன்னால் இருபது வரி ஆனாலும் முடியாது.

சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பதை அடுத்த மூன்று நாளில் தெரிந்துகொள்ளலாம். சேர்ந்திருந்தால் அவள் அதைப் பயன்படுத்துவாள். “நேராவே கேக்குறேன்” என்று ஏதாவது கேட்பாள், கிண்டலோடு கேட்டாலும் நல்லதே. “ஓ அப்படியா” என்று சொல்லிவிட்டுப் பழையபடியே ஜாடை காட்டி, புரியாதபோது கோபித்துக்கொண்டால் சேரவில்லை. இன்னொரு தரம் சொல்லலாம். மூன்றாம் தரம் சொல்ல வேண்டியிருந்தால், அவளுக்கும் இவனுக்கும் ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

நண்பனை வைத்து எழுதிக்கொள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுவலகத் தோழன் சொல்லச்சொல்ல இவன் தட்டுகிறான்; ஒரு வாரம் சாட் பிரமாதமாகப் போகிறது. நேரில் போய் உட்காரும்போது தோழன் பக்கத்தில் இருக்கமாட்டான். அவள் பழகியது வேறொருவனோடு. தன்னுடையதல்லாத பாணியை நாள் முழுக்க அணிந்திருப்பது எத்தனை அசதி என்பதை ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

‘ம்’, ‘பாக்கலாம்’, ‘நீங்க’

இனி எதிரில் இருப்பவரைப் படிப்பது. இங்கே ஆங்கிலப் புத்தகங்கள் அவ்வளவாகக் கை கொடுக்காது. தமிழ்ச் சாட்டுக்கென்று சில மேடு பள்ளங்கள் உண்டு.

“ம்” என்பது சம்மதம், “கேக்குறேன் சொல்லு”, சலிப்பு, கோபம், “பஸ்ல இருக்கேன்” எல்லாம்தான். நேரில் என்றால் இழுக்கும் நீளமும் தொனியும் பிரித்துக் காட்டும். திரையில் எதுவும் கிடையாது. ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் அது தெரிவதில்லை, அவர்கள் ஊகிக்கிறார்கள், பல சமயம் தப்பாகவே ஊகிக்கிறார்கள். எனவே ஒற்றை “ம்”மை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. அவள் வழக்கமாக எப்படி எழுதுகிறாள் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். எப்போதும் “ம்” போடுகிறவளின் “ம்”முக்கு எடையில்லை. பத்து நாளாக முழு வாக்கியம் எழுதியவளின் “ம்”முக்கு எடையுண்டு.

“பாக்கலாம்” வேறு ஜாதி. நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே “முடியாது” என்று சொல்வது அநேகருக்குக் கைவராது. “பாக்கலாம்”, “சொல்றேன்”, “வீட்ல கேக்கணும்” இவற்றுக்குள் மறுப்பு ஒளிந்திருக்கலாம். நிஜமாகவே வீட்டில் கேட்க வேண்டியும் இருக்கலாம். பிரிக்க ஒரு வழி உண்டு. மறுத்தவர் வேறு நாளோ வேறு வழியோ தாமாகச் சொல்கிறாரா என்று பாருங்கள். “சனிக்கிழமை முடியாது, ஞாயிறு சாயங்காலம்னா வருவேன்” என்றால் தடையாக இருப்பது நாள் மட்டும்தான். மாற்று எதுவும் சொல்லாமல் இரண்டு தடவை “பாக்கலாம்” வந்தால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இரண்டு பக்கத்துக்கும்.

பிறகு “நீங்க”விலிருந்து “நீ”க்கு இறங்குவது. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. நமக்கு அது ஒரு படி. எந்த நாளில் இறங்குவது, யார் முதலில் இறங்குவது என்று எவரும் சொல்லித்தருவதில்லை. ஆட்டிசம் உள்ளவர்களில் சிலர் இதைக் கவனிக்காமலே மூன்றாம் நாள் “நீ” போட்டுவிடுவார்கள். சிலர் விதி கிடைக்காததால் ஆறு மாதமானாலும் “நீங்க”விலேயே நின்று, எதிரில் இருப்பவரை ஏங்க வைப்பார்கள். “நீன்னு கூப்பிடலாமா?” என்று கேட்டுவிடலாம். இந்தக் கேள்விக்கே ஓர் அழகு உண்டு. பெரும்பாலும் வரும் பதிலில் நிறையத் தெரிந்துவிடும்.

கேட்டுவிடுவது என்பது ஏதோ வெளிநாட்டு வைத்தியம் அல்ல. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில், வெகுநாள் கழித்துச் சிங்கியைப் பார்க்கும் சிங்கன் அவள் காலில் கிடப்பது என்ன பாம்பா என்று கேட்கிறான். சொல்லப் பயமாயிருக்கிறது என்று முதலில் தயங்குகிறான், பயப்படாமல் சொல் என்கிறாள் அவள். பிறகு ஒவ்வொன்றாக அவன் கேட்க, அது சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கிய சிலம்பு என்பது போல ஒவ்வொன்றுக்கும் அவள் நேராகப் பதில் சொல்கிறாள். சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு அவன் “ம்” போட்டிருந்தால் அந்த நாடகம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஒரே செய்தியை வைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட ஒரு வாரத்தை மொத்தமாகப் பார்ப்பது உதவும். இந்த ஏழு நாளில் ஒரு தடவையாவது பேச்சை அவள் ஆரம்பித்தாளா? நான் சொன்னதைப் பற்றித் திருப்பி ஏதாவது கேட்டாளா, அல்லது நான் கேட்டதற்குப் பதில் மட்டுமா? போன வாரம் நான் சொன்ன ஒன்று அவள் நினைவில் இருந்ததா? மூன்றுக்கும் விடை ‘இல்லை’ என்றால் ஆர்வம் குறைவு. ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால், நடுவில் வந்த ஆறு மணி நேர மௌனத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஆட்டிசம் உள்ள பலருக்கு முகம் படிப்பதைவிட இந்தக் கணக்கு சுலபமாக வரும்.

அதற்குப் பிறகும் தெளியாவிட்டால் ஒரே தடவை நேராகக் கேட்கலாம்: “நாம தொடர்ந்து பேசுறது உங்களுக்குப் பிடிச்சிருக்கா? இல்லைன்னா தயங்காம சொல்லுங்க.” பதில் வராவிட்டால், அல்லது வந்தும் புரியாவிட்டால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பதில் வராத செய்திக்கு மேல் இன்னொரு செய்தி, அதற்கு மேல் விளக்கம், அதற்கு மேல் வேறு எண்ணிலிருந்து ஒன்று என்று போவதை எந்த விளக்கமும் நியாயப்படுத்தாது. “நான் இப்படித்தான், முன்னாடியே சொன்னேன்ல” என்பது அடுத்தவர் வாயை அடைக்கும் சீட்டு அல்ல. ஜாடை புரியாது என்று சொன்னவனுக்கு, நேராகச் சொன்ன “வேண்டாம்” புரிந்தே ஆகவேண்டும்.

கேள்வி இந்தப் பக்கமாக வந்தால் இன்னொரு சங்கடம். “என்னைப் பிடிச்சிருக்கா?” என்றால் ஆட்டிசம் உள்ள பலருக்குத் தன் மனதில் இருப்பது என்ன உணர்ச்சி என்று பெயர் சொல்லவே நேரம் ஆகும். வாய்க்கு வந்த “ஆமா”வைச் சொல்லிவிட்டுப் பின்னால் விழிப்பதைவிட, “நாளைக்கு ராத்திரி சொல்றேன்” என்பது நேர்மை. ஒரே நிபந்தனை, நாளை ராத்திரி சொல்லிவிட வேண்டும்.

பையனைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன். ஆட்டிசம் பெண்ணுக்கு என்றால் கதை இன்னும் கடுமை. அவன் நேராகப் பேசினால் “வெகுளி”. அவள் நேராகப் பேசினால் “திமிரு”. “அந்தச் சட்டை உங்களுக்கு நல்லா இல்ல” என்று அவள் போட்ட ஒரு செய்தி, ஸ்கிரீன்ஷாட்டாகி அவன் அக்கா வழியாக இரு வீட்டுக்கும் போய்விடும். அதனால் பெண்கள் சின்ன வயதிலிருந்தே மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடிக்கக் கற்றுவிடுகிறார்கள், அதனாலேயே பலருக்கு ஆட்டிசம் என்பது வெளியே தெரியாமலும் போகிறது.

ஆணோ பெண்ணோ, ஆட்டிசம் உள்ள சிலரிடம் காணும், சொன்னதையெல்லாம் அப்படியே நம்பும் சுபாவத்தை மோசடிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். நேரில் பார்க்காத ஒருவர் வீடியோ காலுக்கும் வராமல் பணமோ அந்தரங்கப் படமோ கேட்டால் அங்கே படிக்க வேண்டிய ஜாடை ஒன்றும் இல்லை. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

பெயரை எப்போது சொல்வது?

பேசும் விதத்தைச் சொல்வதும் “எனக்கு ஆட்டிசம்” என்று சொல்வதும் இரண்டு வேறு காரியங்கள். முதலாவதற்கு மருத்துவர் தேவையில்லை, எவரும் சொல்லலாம். இரண்டாவது நம்பிக்கை வந்தபின். சாசனும் கெரியான் மாரிசனும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் என்று சொல்லப்பட்டபோது முதல் அபிப்பிராயம் மேம்பட்டது. பார்ப்பவருக்கு ஆட்டிசம் பற்றிய அறிவு கூடுதலாக இருந்தால் அபிப்பிராயமும் நல்லதாக இருந்தது. நம்மூர்ப் பெரியவர்களுக்கு அந்தப் பெயர் சினிமாவில் பார்த்த ஓர் உருவம் மட்டும்தான் என்றால், பெயரை மட்டும் சொல்வதால் கெடுதலே நடக்கும். அதனால்தான் முதலில் விதம், பிறகு பெயர். இரண்டு மூன்று வாரம் “நேரா கேட்டா நேரா சொல்றவன்” என்று அவள் பழகியபின் பெயரைக் கேட்டால், ஏற்கெனவே தெரிந்த ஆளுக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான்.

ஆனால் நிச்சயத்துக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ‘கல்யாணத்துக்கு அப்புறம் சரியாகிவிடும்’ என்று அம்மாமார்கள் மறைக்கும் விஷயம், பின்னால் ஏமாற்றியதாக வந்து நிற்கும். இந்துத் திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற சம்மதத்தைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்யக் கேட்க இடம் தருகிறது. ஆட்டிசம் இருப்பது குற்றமோ தடையோ அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைத் தன் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. மறைத்ததுதான் வழக்காகும். அவளிடம் அவனே சொல்ல வேண்டும், தரகர் வழியாகவோ சித்தப்பா வழியாகவோ அல்ல.

இரண்டு பேருக்குமே ஆட்டிசம் என்றால் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்கிறார்கள். எடின்பரோவில் கேத்தரின் க்ராம்ப்டன் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையைக் காதோடு காதாக எட்டு பேருக்குக் கடத்தச் செய்தார்கள். எல்லோருக்கும் ஆட்டிசம் உள்ள வரிசையில், ஒருவருக்கும் இல்லாத வரிசையைப் போலவே கதை போய்ச் சேர்ந்தது. கலந்த வரிசையில்தான் நிறையச் சிதறியது. இதைப் பிடித்துக்கொண்டு “இனம் இனத்தோடு” என்றார்கள் பலர். ஆனால் அதே குழுவினர் 311 பேரை வைத்து மறுபடி செய்து 2025-ல் வெளியிட்டபோது, கலந்த வரிசையிலும் கதை சமமாகவே போய்ச் சேர்ந்தது. எனக்கு இந்த இரண்டாவது முடிவு பிடித்திருக்கிறது. தென்காசிப் பையனும் இலஞ்சிப் பெண்ணும் வெவ்வேறு மாதிரி என்பதற்காகவே பேச்சு சேராது என்று யாரும் ஜோசியம் சொல்ல முடியாது.

அவர்கள் கதைக்கு வருகிறேன். அந்தச் செய்திக்கு அவள் பதில் போட்டாள் என்றே வைத்துக்கொள்வோம்: “சரி. நேராவே கேக்குறேன். ஐந்தருவிக்குப் போலாமா? எங்க சித்தி பொண்ணும் வருவா.” அவன் யோசிக்க நேரம் கேட்டான். யோசித்தது அவளைப் பற்றி அல்ல, அருவியைப் பற்றி. அருவி இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஈர உடையோடு நெருக்கியடிக்கும் கூட்டம் வேறு. சத்தமும் தொடுகையும் தாங்காத ஒருவனுக்கு முதல் சந்திப்புக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. அதை மறைக்காமல் எழுதினான்: “வரேன். ஆனா சத்தத்துல எனக்குப் பேச வராது. முதல்ல இலஞ்சி கோயில் வாசல்ல ஒரு மணி நேரம் பேசலாம். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் குளிங்க, நான் டீ குடிச்சிட்டு நிக்கேன். புதன்கிழமை காலைல, சரியா?”

“ம்” என்று பதில் வந்தது. இந்தத் தடவை அவன் கேட்டான்: “இது சரிங்கற ம்மா, கோவ ம்மா?”

“சரிங்கற ம்.”

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஐந்தருவியில் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். அதில் அவன் சொன்னது சரி.